“இதுதான் முதல் பிரசவம் சிஸ்டர்”: ஆன்டி-டி ஊசியில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன மாதம் எங்கள் லேபர் வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ் அட்மிஷன் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்தது தாராவியிலிருந்து வந்த பெண், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ரத்தம் பி நெகட்டிவ். “எத்தனாவது பிரசவம்மா?” என்று கேட்டாள். “இதுதான் முதல் பிரசவம் சிஸ்டர்.” ‘பிரைமி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷம் முன்னால் மும்பைக்கு வந்த புதுசில் இதே கேள்வியை இதே மாதிரி கேட்டு, இதே பதிலை எழுதி வைத்தவள் நான். அதனால் என்ன ஆனது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரத்த குரூப்பில் பாஸிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். அம்மா நெகட்டிவ், அப்பா பாஸிட்டிவ் என்றால் குழந்தை பாஸிட்டிவாக இருக்கலாம். குழந்தையின் ரத்தம் ஒரு மில்லிக்கும் குறைவாக அம்மாவின் ரத்தத்தில் கலந்தாலே, அம்மாவின் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்புப் பொருள் தயாரிக்கத் தொடங்கலாம். கலப்பது பெரும்பாலும் பிரசவ நேரத்தில். உடம்பும் முதல் தடவை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் அந்தக் குழந்தை தப்பித்துவிடும். அடுத்து வரும் பாஸிட்டிவ் குழந்தைக்குத்தான் சங்கடம். உடம்பு ஞாபகம் வைத்திருக்கும், இந்த முறை வேகமாக, நிறையத் தயாரிக்கும், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஆன்டி-டி ஊசி செய்வது இதுதான்: அம்மாவின் உடம்பு பார்த்து மனப்பாடம் செய்வதற்கு முன்னாலேயே, உள்ளே வந்த குழந்தையின் அணுக்களைப் பிடித்து அப்புறப்படுத்திவிடுகிறது. முன்னாலேயே என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் அதை மறக்கவைக்க முடியாது.

கலைந்ததைக் கணக்கில் சேர்க்காதது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வரவைக்கும் தவறு.

நம் வீடுகளில் பிரசவம் என்றால் குழந்தை கையில் வந்தால்தான் பிரசவம். மூன்று நான்கு மாதத்தில் கலைந்தது கணக்கில் வராது, அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். சில வீடுகளில் மாமியாருக்கே தெரியாது. அப்படியிருக்க, ஐந்து பேர் சுற்றி நிற்கும்போது “எத்தனாவது பிரசவம்?” என்று கேட்டால் “முதல்” என்றுதான் பதில் வரும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. ஆனால் அவள் உடம்பு அப்படிக் கணக்குப் பார்க்காது. நான்கு மாதக் கரு கலைந்து, டி அண்ட் சி செய்து சுத்தம் பண்ணும்போதும் ரத்தம் கலக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணும் பி நெகட்டிவ், கணவர் பாஸிட்டிவ், ஐந்தாம் மாதம் எங்களிடம் பெயர் பதிய வந்தாள். நான் பிரைமி என்று எழுதினேன். நெகட்டிவ் என்று பார்த்ததுமே ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை அது. முதல் குழந்தைதானே, 28-வது வாரம் ஊசி போடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டேன், அன்றைக்கு டியூட்டியில் இருந்த ஜூனியர் டாக்டரும் விட்டுவிட்டார். எட்டு வாரம் போனது.

28-வது வாரம் ரிப்போர்ட் வந்தது. பாஸிட்டிவ், 1:64. அதாவது ரத்தத்தை 64 மடங்கு நீர்க்கவைத்த பிறகும் எதிர்ப்புப் பொருள் தெரிகிறது. 1:16 வந்தாலே குழந்தையை ஸ்கேனில் உற்றுப் பார்க்கத் தொடங்குவோம். சீஃப் என்னைக் கூப்பிட்டு, “முதல் குழந்தைக்கு 64 எப்படி வந்தது, போய்க் கேள்” என்றார். அவள் கணவரைக் காபி வாங்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “இதுக்கு முன்னாடி எப்பவாவது நாள் தள்ளிப் போயிருக்காம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷம் முன்னால், 14 வாரம், ஊருக்குப் போன இடத்தில் ரத்தப்போக்கு, ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் சுத்தம் செய்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரூப் பார்த்தார்களா என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். ஊசி? இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களாம்.

ஒரே ஒரு ஊசி. இன்றைக்கும் சில ஆயிரம் ரூபாய்தான். அதற்குப் பதில் என்ன நடந்தது தெரியுமா? டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் நடு ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். சோகை பிடித்த குழந்தையின் ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும். அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய வேகத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் சோகை கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். இவளுக்குத் தாண்டியிருந்தது. 29-வது வாரம், வேறு பெரிய சென்டரில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே அவள் வயிற்றின் வழியாக ஊசியை இறக்கி, தொப்புள்கொடியின் சிரைக்குள் ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 6. அந்த வயதில் 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரண்டரை வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. 35-வது வாரம் பிரசவம், பிறந்ததும் குழந்தை நீல விளக்கின் கீழ், அப்புறம் ரத்த மாற்றம். பிழைத்துவிட்டான். ஆனால் இனி அவளுக்கு வரும் ஒவ்வொரு பாஸிட்டிவ் குழந்தைக்கும் இதே கதைதான், பொதுவாக முந்தியதைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். ஊசி அவளுக்கு இனி உதவாது.

அதனால் நாங்கள் இப்போது கேட்கும் கேள்வி வேறு. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, “எத்தனை தடவை நாள் தள்ளிப் போச்சு, ஒவ்வொண்ணும் என்ன ஆச்சு?” என்று கேட்கிறோம். கலைந்தது, கலைத்தது, குழாயில் கரு தங்கி ஆபரேஷன் செய்தது, நடுவில் ரத்தப்போக்கு, வயிற்றில் அடி, எல்லாம் வரும். பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதித்ததும் வரும்.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 12 வாரத்துக்கு முன்னால் கலைந்தால் ஊசி தேவையா என்பதில் இப்போது மருத்துவர்களிடமே ஒரே கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கருக்கலைப்பு பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் 12 வாரத்துக்குள் வேண்டாம் என்கிறது, நம் ஊரில் பல டாக்டர்கள் இன்னும் சின்ன டோஸ் போடுகிறார்கள். உங்கள் டாக்டர் இரண்டில் எதைச் சொன்னாலும் அவர் தப்பானவர் இல்லை. ஆனால் 12 வாரத்துக்கு மேல் என்றால் விவாதமே இல்லை, போட்டாக வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே முடித்துக்கொள்பவர்களுக்குத்தான் எத்தனை வாரம் என்பதே சரியாகத் தெரியாது, குரூப்பும் தெரியாது.

ஊசி போட்ட பிறகு ஐ.சி.டி. பார்த்துப் பதறுவது

28-வது வாரம் 300 மைக்ரோகிராம் போடுகிறோம். அதற்கு முன்னால் ஐ.சி.டி.க்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும், வரிசை மாறக் கூடாது. ஏனென்றால் நாம் போடுவதே எதிர்ப்புப் பொருள்தான், போட்ட பிறகு பரிசோதித்தால் அதுவே ரிப்போர்ட்டில் தெரியும். பிரசவத்தின்போது 1:2, 1:4 என்று வரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “இவளுக்கு ஏற்கெனவே உருவாகிவிட்டது, இனி ஊசி வேண்டாம்” என்று இரண்டாவது டோஸை நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, 28-வது வாரம் போட்டது அவள் ஃபைலில் எங்கேயோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. அடுத்த நாள் போட்டோம். 1:16, 1:32 என்றால் கதை வேறு, அது ஊசியால் வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

28-ல் போட்டாச்சே, பிரசவத்துக்குப் பிறகு எதற்கு என்றும் கேட்பார்கள். அந்த ஊசியின் அளவு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ பாதியாகிக்கொண்டே போகும். ரத்தம் அதிகம் கலப்பது பிரசவத்தில், அதற்குள் அது மெலிந்திருக்கும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டது என்று கைவிடுவது

பிரசவமானதும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துக் குழந்தையின் குரூப் பார்ப்போம். பாஸிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு ஊசி. ஒருமுறை கணபதி விசர்ஜன் சமயம், லேபில் ஆள் இல்லை, தெருவெல்லாம் கூட்டம், ரிப்போர்ட் நான்காம் நாள் காலையில் வந்தது. டிஸ்சார்ஜ் பேப்பர் எழுதிக்கொண்டிருந்த பையன், “டைம் முடிஞ்சுபோச்சு சிஸ்டர்” என்று சாதாரணமாகச் சொன்னான்.

72 என்பது மாய எண் இல்லை. 1960-களில் அமெரிக்காவின் சிங் சிங் சிறைக் கைதிகளிடம் இந்த ஊசியைச் சோதித்தார்கள், நினைத்த நேரத்துக்கெல்லாம் உள்ளே போய் ஊசி போடச் சிறை விதிகள் விடவில்லை. அதனால் மூன்று நாள் இடைவெளி விட்டுப் போட்டார்கள், அதுதான் இன்றுவரை விதியாக நிற்கிறது. சீக்கிரம் போடுவது நல்லது, 72-க்குள் போட்டுவிட வேண்டும், ஆனால் தவறிவிட்டால் பத்து நாள் வரை கொஞ்சமாவது பலன் கிடைக்கும் என்று போடுவோம், 28 நாள் வரை போடச் சொல்பவர்களும் உண்டு. ரிப்போர்ட் வராமல் நேரம் நெருங்கினால் காத்திருக்கவே வேண்டாம், போட்டுவிடலாம். குழந்தை நெகட்டிவாக இருந்துவிட்டால் ஒரு ஊசி வீண், அவ்வளவுதான்.

குழந்தைக்குப் போடும் ஊசி என்று நினைப்பது

அம்மாவுக்கு. குழந்தைக்குப் போடவே கூடாது.

இடுப்பில் போடுவது

கொழுப்பில் தங்கிவிடும். தோள்பட்டைத் தசையில் போடுங்கள்.

“குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சாச்சு, இனி எதுக்கு?”

ஆபரேஷன் தவறியவர்கள் எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். போட்டுக்கொள்ளுங்கள்.

பேப்பரை ஊரிலேயே விட்டு வருவது

தலைப்பிரசவம் அம்மா வீட்டில், மூன்றாம் மாதம் குழந்தையோடு மும்பை ரயில், அடுத்தது இங்கே. நடுவில் டிஸ்சார்ஜ் பேப்பர் ஊரில் பீரோவுக்குள். “ஊசி போட்டாங்க சிஸ்டர், கையில ஒண்ணு” என்பார்கள். அது டெட்டனஸுக்குப் போடும் டி.டி.யா, ஆன்டி-டியா, யாருக்குத் தெரியும்? மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள், தேதியோடு. ஒட்டியதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருநெல்வேலிப் பெண்ணிடம் புது சிஸ்டரை மறுபடி அனுப்பினேன், மாமியாரை பில்லிங் கவுன்டருக்கு அனுப்பிவிட்டுத்தான். திரும்பி வந்து பிரைமி என்பதை அடித்துவிட்டு மேலே இரண்டு என்று எழுதினாள். போன வருஷம், 16 வாரம். ஊசி போட்டிருக்கிறார்கள், ஸ்டிக்கரின் படம் அவள் போனில் இருந்தது.