முறுக்கு பாக்கெட்டுக்கு எண் வந்த பிறகு கவர் அடியுங்கள்

வீட்டில் முறுக்கு சுட்டு, பாக்கெட் போட்டு, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறீர்களா? ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பெரிய உரிமம் வேண்டாம், மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு போதும். foscos.fssai.gov.in தளத்தில் போட்டோவும் அடையாள அட்டையும் ஏற்றி விண்ணப்பிக்கலாம். தொழில் வகை கேட்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: நீங்கள் தயாரிப்பவர், எனவே சில்லறை விற்பனை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், முகவரியும் அடுப்பு எரிகிற வீட்டு முகவரியாகவே இருக்கட்டும்.

விண்ணப்பித்ததும் வருவது 17 இலக்க எண். அது வெறும் விண்ணப்ப எண்தான், அவசரப்பட்டு அதைக் கவரில் அடித்தால் அச்சுக்கூலி வீண். சான்றிதழில் வரும் 14 இலக்க எண்தான் லேபிளுக்கு, பதிவு என்றால் அது 2-இல் தொடங்கும். அப்புறம் அதே லேபிளில் சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.