"பத்திரத்தில் அப்படி இருந்தாலும் நாங்கள் பேசிக்கொண்டது வேறு": நீதிமன்றத்தில் எடுபடாத வாதங்கள்

ஒப்பந்த வழக்குகளில் கட்சிக்காரர்கள் வழக்கறிஞரிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எழுதியிருப்பது ஒன்று, பேசியது வேறு. பேசும்போது கூட இருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள்." சாட்சிகள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் பெரும்பாலான வழக்குகளில் அந்தச் சாட்சியத்தைச் சட்டம் ஏற்பதில்லை.

இதைப் பரோல் எவிடென்ஸ் விதி என்பார்கள். இந்தியாவில் இது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 94, 95ஆம் பிரிவுகளாகத் தொடர்கிறது. ஒப்பந்த நிபந்தனைகளை எழுத்தில் கொண்டுவந்துவிட்டால், அவற்றை நிரூபிக்க அந்த ஆவணத்தைத்தான் காட்ட வேண்டும். அதற்கு முரணாகவோ, அதை மாற்றியோ, கூட்டியோ குறைத்தோ வாய்மொழி உடன்பாடு இருந்ததாகச் சாட்சியம் தர முடியாது. இந்தத் தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஆறாவது, ஆவணத்தின் சொற்கள் நடப்பு உண்மைகளோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் காட்டும் சூழ்நிலைகளை நிரூபிக்க அனுமதிக்கிறது.

இந்த ஆறாவது விதிவிலக்கைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சூழ்நிலையைப் பார்க்கலாம் என்றால் உண்மையான நோக்கம் எதுவென்று எதைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மங்களா வாமன் கரந்திகர் வழக்கு இந்தத் தவறைத் தெளிவாகக் காட்டுகிறது.

புனேயில் கரந்திகர் பிரதர்ஸ் என்ற எழுதுபொருள் கடையை நடத்தி வந்தவர் 1962இல் இறந்தார். அவருடைய மனைவி மங்களா சில காலம் கடையைப் பார்த்துக்கொண்டார். பிறகு முடியாமல், 1963இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் அதை இன்னொருவர் நடத்த விட்டார். நடத்துபவர் மாதம் 90 ரூபாய் ராயல்டி தர வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டட உரிமையாளருக்கு வாடகை கட்டுவது அந்த அம்மாவின் பொறுப்பு. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கடையைத் திரும்பக் கேட்டபோது எதிர்த்தரப்பு மறுத்தது. காகிதத்தில் வியாபாரம் என்று இருந்தாலும் உண்மையில் தனக்குக் கொடுத்தது இடம்தான், அதனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தன்னைக் காக்கும் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றமோ ஆறாவது விதிவிலக்கைக் காட்டி, வெளிச் சாட்சியத்தைப் பார்த்து, இது இடத்தின் வாடகைதான் என்றது.

உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒப்பந்தத்தின் சொற்கள் வியாபாரத்தை நடத்தும் உரிமையைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. அந்தச் சொற்களுக்கும் நடப்புக்கும் இடையே பொருந்தாத இடம் எதுவும் இல்லை. அப்படியிருக்க வெளிச் சாட்சியத்தை உள்ளே விட்டால், விதிவிலக்கு மூல விதியையே விழுங்கிவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எழுதிக் கையெழுத்திட்டதைப் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து திருத்த விட்டால் எழுதியதற்கே பொருளில்லை.

அப்படியானால் சூழ்நிலை எதற்குப் பயன்படும்? பழைய 1872ஆம் ஆண்டுச் சட்டமே தந்த உதாரணங்களைப் பாருங்கள். "கல்கத்தாவில் உள்ள என் வீடு" என்று ஒருவர் விற்கிறார். அவருக்குக் கல்கத்தாவில் வீடே இல்லை. ஹவுராவில் இருக்கிறது, பத்திரம் எழுதிய நாளிலிருந்து வாங்கியவர் அங்கேதான் இருக்கிறார். இதை நிரூபிக்கலாம். ஹைதராபாத் என்று எழுதியிருந்தால், தக்காணத்தில் உள்ளதா, சிந்துவில் உள்ளதா என்று காட்டலாம். இரண்டிலும் ஆவணத்தில் உள்ள ஒரு சொல் எந்தப் பொருளைச் சுட்டுகிறது என்ற கேள்விக்கே சாட்சியம் விடை சொல்கிறது. ஆனால் விலை "1,000 அல்லது 1,500 ரூபாய்" என்று எழுதிவிட்டால், எது பேசிய விலை என்று சொல்ல யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. அது எழுத்திலேயே தெரியும் குறை. நீதிமன்றம் அதை நிரப்பாது.

ஆகவே ஒரு சாட்சியத்தைக் கொண்டுவருமுன், இது பத்திரத்தின் எந்தச் சொல்லைப் படிக்க உதவுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்ட முடியாவிட்டால், உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட வாய்மொழி உடன்பாடுதான்.

பத்திரம் சொல்லாமல் விட்டதை எப்போதும் வாய்மொழியால் சேர்க்கலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. முரண்படாத தனி உடன்பாட்டை நிரூபிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆவணம் எவ்வளவு முறையாக எழுதப்பட்டது என்பதையும் நீதிமன்றம் எடைபோடும். "அறைகள், மாதம் 200 ரூபாய்" என்று ஓர் அட்டையில் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், அதில் சாப்பாடும் ஓரளவு சேர்த்தி என்று நிரூபிக்கலாம். அதே ஏற்பாட்டை வழக்கறிஞர் எழுதி, முத்திரைத்தாளில் ஓராண்டு ஒப்பந்தமாகச் செய்திருந்தால் முடியாது. இதுவும் அந்தப் பழைய சட்டத்தில் இருந்த உதாரணமே.

நம் ஊர்களில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது கடனுக்காக எழுதித் தரும் கிரயப் பத்திரம். பணம் தருபவர் அடமானப் பத்திரம் வேண்டாம், கிரயமாகவே எழுதிக்கொடுங்கள், பணம் வந்ததும் மறுகிரயம் செய்து தருகிறேன் என்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் நடந்துவிடுகிறது. 1929இல் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(இ) பிரிவில் சேர்த்த நிபந்தனைப்படி, திருப்பித் தரும் ஷரத்து அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருந்தால்தான் அதை நிபந்தனைக் கிரய அடமானம் என்று கொள்ள முடியும். அதே நாளில் தனித்தாளில் எழுதிய மறுகிரய ஒப்பந்தம்கூடப் போதாது. ஷரத்து உள்ளே இருந்தால், சொத்து யார் அனுபவத்தில் இருந்தது, விலை மதிப்புக்கு ஏற்றதா போன்ற சூழ்நிலைகளைக் கொண்டு நீதிமன்றம் ஆவணத்தைப் படிக்கும்.

ஷரத்து இல்லாதவருக்கு ஒரு குறுகிய வழி உண்டு. 1982இல் வெளியான கங்காபாய் எதிர் சாபுபாய் தீர்ப்பின்படி, அந்தப் பத்திரம் கிரயமாகச் செயல்படவே எழுதப்படவில்லை, நடந்தது முற்றிலும் வேறொரு ஏற்பாடு என்று வாய்மொழியால் நிரூபிக்கலாம். "கிரயம்தான், ஆனால் திருப்பித் தருவதாகச் சொன்னார்" என்று மனுவில் எழுதினால் பத்திரத்தை ஏற்றுக்கொண்டு அதன் நிபந்தனையை மாற்றப் பார்ப்பதாகும்; அது சாக்ஷிய அதினியத்தின் 95ஆம் பிரிவில் அடிபடும். "இது கிரயமே அல்ல" என்பதுதான் அனுமதிக்கப்படும் வாதம். அதை நிரூபிக்கும் சுமை எழுதிக்கொடுத்தவருடையது, பதிவான பத்திரத்துக்கு எதிரே அது கனமானது.

பத்திரம் எழுதிய பிறகு பேசும் மாற்றங்களிலும் இதே சிக்கல் உண்டு. சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டியதையும், பதிவு செய்யப்பட்டதையும் பின்னாளைய வாய்ப்பேச்சால் மாற்றியதாக நிரூபிக்க முடியாது. பதிவு செய்த மூன்றாண்டுக் கடை வாடகை ஒப்பந்தத்தில், நடுவே வாடகையைக் குறைத்துக்கொள்வதாக உரிமையாளர் சொன்னால், அன்றே அதை ஒரு திருத்தப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.