கணக்கைப் போடும் முன் தவறான விடைகளைக் களைவது எப்படி?

நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள்தான். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும். ஆகவே இயற்பியல் வினாவில் முதலில் பார்க்க வேண்டியது கொடுக்கப்பட்ட நான்கு விடைகளையே. பாகுநிலைத் திரவம் ஒன்றில் விழும் கோளத்தின் முற்றுத்திசைவேகம் கேட்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். r ஆரம், ρ கோளத்தின் அடர்த்தி, σ திரவத்தின் அடர்த்தி, η பாகியல் எண்.

```
(1) 2r(ρ−σ)g/9η
(2) 2r²(ρ+σ)g/9η
(3) 2r²(ρ−σ)g/9η
(4) r²(ρ−σ)g/9η
```

படி 1: அலகு. எண்களை விட்டுவிட்டு அலகுகளை மட்டும் எழுதுங்கள். பாகியல் எண்ணின் அலகு kg m⁻¹ s⁻¹ என்பது நினைவில் இருந்தால் போதும்.

```
r²ρg/η → m² · kg m⁻³ · m s⁻² ÷ kg m⁻¹ s⁻¹ = m s⁻¹
```

முதல் விடையில் r ஒருமுறைதான் வருவதால் s⁻¹ மட்டுமே மிஞ்சுகிறது. அது திசைவேகமாக இருக்க முடியாது.

படி 2: எளிய எல்லை நிலை. கோளமும் திரவமும் ஒரே அடர்த்தி கொண்டவையானால் எடையும் மிதப்பு விசையும் சமமாகிவிடும், கோளம் தானாக விழாது. ρ = σ எனும்போது பூச்சியம் தராத இரண்டாவது விடையையும் அடித்துவிடலாம்.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு 2 என்ற வெறும் எண். அதற்கு அலகு கிடையாது என்பதால் அலகுச் சோதனை இங்கே உதவாது. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் நேரம்தான் போகும். ஸ்டோக்ஸ் விதியை ஒரு வரி எழுதுவதே வழி:

```
(4/3)πr³(ρ−σ)g = 6πηrv
```

4/3-ஐ 6-ஆல் வகுத்தால் 2/9. விடை (3).

படி 3: தோராயம். இதே வினா எண்களோடு வரலாம்: விட்டம் 2 மி.மீ., ρ = 8000, σ = 1300 (kg m⁻³), η = 0.8 Pa s, g = 10 m s⁻². விடைகள் 0.19, 1.9, 7.4, 19 செ.மீ./வி. இவை ஒன்றுக்கொன்று குறைந்தது இரண்டரை மடங்கு என்று வெகுவாக விலகியிருப்பதால் துல்லியம் தேவையில்லை, 2/9-ஐ 0.2 என்றும் 6700-ஐ 7000 என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

```
0.2 × 10⁻⁶ × 7000 × 10 ÷ 0.8 ≈ 0.0175 m/s
```

அதாவது ஏறத்தாழ 1.75 செ.மீ./வி., எனவே 1.9. விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிடுபவர்களுக்காக வைக்கப்பட்ட வலைதான் 7.4, r² காரணமாக அது சரியாக நான்கு மடங்காக நிற்கிறது. இத்தகைய பிழையைத் தோராயம் காட்டிக்கொடுக்காது. வினாவில் "விட்டம்" என்ற சொல்லை அடிக்கோடிடுவதுதான் காக்கும்.

விடைகள் 1.7, 1.9 என்று நெருங்கி இருந்தால் முழுக் கணக்கையும் போட்டாக வேண்டும். அதற்கு நேரமில்லாமல் இரண்டு விடைகள் மிஞ்சினால், ஊகத்தின் சராசரிப் பலன் (4 − 1)/2 = 1.5 மதிப்பெண், எதையும் களையாமல் ஊகித்தால் 0.25 மட்டுமே.