1944-ஆம் ஆண்டுக் கடிகார மணியை அப்படியே எடுத்து ஜாதகம் கணிக்கலாமா?

தஞ்சாவூரில் 1944 ஜூன் 12-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 6.40 மணிக்கு ஒரு குழந்தை பிறந்ததாகப் பழைய குறிப்பேடு ஒன்றில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று தஞ்சையில் சூரிய உதயம், இன்றைய இந்திய நேரப்படி, சுமார் 5.51 மணி. ஆகவே குழந்தை உதயத்துக்குப் பின் ஏறக்குறைய 2 நாழிகையில் பிறந்தது, லக்னம் மிதுனம் என்று எளிதாக முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த 6.40 இன்றைய கடிகாரத்தின் 6.40 அன்று.

படி 1: அந்த மணி எந்த நேரம் என்று கண்டறிதல்

இந்திய நிலை நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது கிழக்குத் தீர்க்கரேகை 82° 30'-ஐ அடிப்படையாகக் கொண்டது. கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, நாட்டின் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. நம் குறிப்பு அந்த இடைவெளிக்குள் விழுகிறது. ஆகவே மருத்துவமனை அல்லது ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய 6.40, நிலை நேரப்படி 5.40 ஆகும்.

வீட்டுக் கடிகாரத்தை எல்லோரும் மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எனவே, குறிப்பில் நாழிகையும் எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். என் அனுபவத்தில், மணியைவிட நாழிகையே நம்பத் தகுந்த சாட்சி, ஏனெனில் உதயத்திலிருந்து எண்ணிய நாழிகையை அரசாணை எதுவும் நகர்த்துவதில்லை. மணி 6.40 என்பதோடு "உதயாதி நாழிகை 59½" என்றும் இருந்தால், எழுதியவர் முந்தைய நாள் உதயத்திலிருந்து எண்ணியிருக்கிறார், மணி போர்க்கால நேரம் என்று உறுதியாகும். "நாழிகை 2" என்றிருந்தால், அந்த வீட்டுக் கடிகாரம் மாற்றப்படவில்லை என்று கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டில் 59½ என்றே இருப்பதாகக் கொள்வோம்.

படி 2: சுதேச நேரமாக மாற்றுதல்

சுதேச நேரம் என்பது அந்தந்த ஊரின் தீர்க்கரேகைப்படி அமையும் நேரம். தஞ்சாவூரின் தீர்க்கரேகை ஏறக்குறைய 79° 08'. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், கணக்கு இப்படி வரும்:

```
82° 30' − 79° 08' = 3° 22'
3° 22' × 4 நிமிடம் = 13 நிமிடம் 28 விநாடி
5.40.00 − 0.13.28 = 5.26.32
```

தஞ்சை நிலைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் கழிக்கிறோம். கிழக்கே உள்ள ஊரானால் கூட்ட வேண்டும். 5.26½ என்பதே தஞ்சையின் சுதேச மணி.

படி 3: உதயத்தோடு ஒப்பிடுதல்

தொடக்க நிலையினர் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். சில பஞ்சாங்கங்களிலும் அட்டவணைகளிலும் உதயம் சுதேச நேரத்தில் தரப்பட்டிருக்கும். அதன்படி அன்றைய தஞ்சை உதயம் சுமார் 5.37½. பிறந்த நேரத்தைப் போர்க்காலத் திருத்தத்தோடு நிறுத்தி, 5.40 என்ற நிலை நேரத்தை இந்த 5.37½-ஓடு ஒப்பிட்டால், குழந்தை உதயத்துக்கு இரண்டரை நிமிடம் கழித்துப் பிறந்ததுபோல் தோன்றும். உண்மையில் 5.26½-ஐத்தான் 5.37½-ஓடு ஒப்பிட வேண்டும். அப்போது பிறப்பு உதயத்துக்கு 11 நிமிடம் முந்தியது என்று தெரியும். இரண்டையும் நிலை நேரத்தில் வைத்தாலும், 5.40-க்கும் 5.51-க்கும் இடையே அதே 11 நிமிடம்தான் வரும். எந்த நேரமானாலும் சரி, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் முறையில் நாள் உதயத்தில் தொடங்குவதால், ஆங்கிலத் தேதி திங்களாக இருந்தாலும் ஜாதகத்தில் வாரம் ஞாயிறு என்றே எழுதப்படும். சூரியன் அப்போது ரிஷபத்தின் கடைசிப் பாகைகளில் இருந்ததால், உதயத்துக்குச் சற்று முன் லக்னமும் ரிஷபத்தின் பிற்பகுதியிலேயே நிற்கும். திருத்தாத 6.40-க்குக் கணித்தால் மிதுனம் வந்து, பன்னிரண்டு பாவங்களும் ஒரு ராசி தள்ளிப்போகும். சந்திரன் ஒரு மணியில் அரைப் பாகை அளவே நகர்வதால் நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. அதனாலேயே இந்தப் பிழை பலர் கண்ணில் படாமல் போகிறது.

கணினியில் போடும்போது

மென்பொருள் ஊரின் தீர்க்கரேகையைக் கேட்டால் சுதேசத் திருத்தத்தை அதுவே செய்துவிடும். நீங்களும் 13 நிமிடத்தைக் கழித்துப் போட்டால், லக்னம் கூடுதலாக மூன்று பாகை அளவு பின்னே போய்விடும். 6.40 எனப் போட்டு நேர வித்தியாசத்தை +6:30 என்றோ, 5.40 எனப் போட்டு +5:30 என்றோ கொடுங்கள், இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்கள் போர்க்கால ஒரு மணியைத் தாமே கழிக்கும், சில கழிக்காது. ஆகவே திரையில் +6:30 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே எந்த மணியைத் தட்டச்சு செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

1906-க்கு முந்தைய குறிப்பானால் +5:30 பொருந்தாது. ரயிலும் தந்தியும் பின்பற்றிய சென்னை நேரம் இன்றைய நிலை நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது; ஊர்க் கடிகாரமோ சுதேச நேரத்திலேயே ஓடியிருக்கலாம். தஞ்சையைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே நான்கரை நிமிடமே வேறுபாடு, அதாவது லக்னத்தில் ஒரு பாகை அளவு. ராசி எல்லையிலோ நவாம்ச எல்லையிலோ லக்னம் நின்றால் மட்டும் இரண்டுக்கும் தனித்தனியே கணித்துப் பார்க்க வேண்டும்.