மயிலை முருகனுக்கு ஓர் அம்புலிப் பாட்டு: பிள்ளைத்தமிழ் எழுதிப் பழக

பௌர்ணமி மாலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நின்றால் நிலா கடலிலிருந்து எழுவது தெரியும். கையில் குழந்தை இருந்தால் விரல் தானாக அந்தப் பக்கம் நீளும். "பாப்பாவோட விளையாட வா" என்று நிலாவைக் கூப்பிடுவோம். ஒருவரைக் குழந்தையாகப் பாவித்துப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்பது இதுதான். கூப்பிடப்படும் நிலா மாறவில்லை, குழந்தை மட்டும் கடவுளாகவோ அரசனாகவோ இருக்கும். சோழன் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கி ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார்.

நாம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் இருக்கும் சிங்காரவேலரைக் குழந்தையாக வைத்து ஒரு பாட்டு எழுதுவோம்.

முதலில் குழந்தையின் வயதைப் பிடியுங்கள்

மரபில் பத்துப் பருவங்கள், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதத்தில் தொடங்கி இரண்டு இரண்டு மாதமாகக் கூட்டி, இருபத்தொன்றில் முடிப்பதாகச் சொல்வது வழக்கம். வரிசையைக் குழந்தையின் உடம்பை வைத்தே நினைவில் கொள்ளலாம். முதலில் 'தெய்வங்கள் காக்கட்டும்' என்று வேண்டும் காப்பு. பிறகு ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை. அடுத்து தாலாட்டு கேட்கும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம், தளர்நடையாக வரச் சொல்லும் வருகை. அதற்குப் பிறகுதான் அம்புலி. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண்பிள்ளை சிறுமியர் கட்டிய மணல்வீடான சிற்றிலைச் சிதைக்கும், சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல்.

நான் முதன்முதலில் எழுதியபோது காப்பிலேயே சூரனைப் பிளந்த வேலைக் கொண்டுவந்தேன். பார்த்துக்கொடுத்த பெரியவர், "மூணு மாசக் குழந்தை முன்னாடி கொலையைப் பேசுவாங்களாடா?" என்றார். காவற்கடவுளான திருமாலை முதலில் வேண்டுவதும், கொல்லும் செயலைத் தவிர்ப்பதும் காப்பின் மரபு.

பிறகு ஈற்றடியை எழுதுங்கள்

கடைசி அடியிலிருந்து தொடங்குவது எளிது. செங்கீரைக்கு 'ஆடுக செங்கீரை', தாலுக்கு 'தாலோ தாலேலோ', அம்புலிக்கு 'அம்புலீ ஆட வாவே' என்பதுபோல் ஒரு முடிப்பு பத்துப் பாட்டிலும் திரும்ப வரும். மேலே எவ்வளவு சுற்றினாலும் வாக்கியம் இங்கே வந்து விழ வேண்டும். விழாவிட்டால் நடுவில் யாரிடம் பேசுகிறோம் என்பது மாறிப்போயிருக்கும். அம்புலியில் பேசுவது நிலாவிடம், குழந்தையிடம் அல்ல.

நிலாவை வரவைக்க நான்கு வழி

பிள்ளைக்கவி பாடுவோருக்கு 'அம்புலி புலி' என்று ஒரு சொலவடை உண்டு. நிலா சும்மா வராது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று ஒவ்வொன்றாக முயல வேண்டும்.

சாமம் என்றால் உறவு சொல்லி அழைப்பது. இருவருக்கும் பொதுவானதைத் தேடுங்கள். சந்திரனுக்கு இருபத்தேழு நட்சத்திரங்களும் மனைவியர், அதில் கார்த்திகையும் ஒருத்தி. முருகனுக்குப் பாலூட்டியது கார்த்திகைப் பெண்கள். அப்படியென்றால் நிலா இவனுக்குத் தகப்பன் முறை! இது கிடைத்ததும் பாட்டு பாதி முடிந்த மாதிரி.

கார்த்திகைப் பெண்ணாள் பாலைக் கனிவுடன் அளித்தாள் அன்றோ
சேர்த்துனைக் கொண்ட தேவி சிறுவனுக் கன்னை ஆனாள்
பார்த்திடின் முறையில் நீயே பாலகன் தந்தை போல்வாய்
ஆர்த்தெழும் கடலின் மேலாய் அம்புலீ ஆட வாவே

இது அறுசீர் விருத்தம். ஒவ்வொரு அரையடியிலும் விளம், மா, தேமா என்ற சீர் வகைகள் ஒரே ஓட்டமாக வருகின்றன. கார்த், சேர்த், பார்த், ஆர்த் என்று எதுகை நிற்கிறது. விரலால் தட்டிக்கொண்டு படியுங்கள். தட்டு எங்கே தடுமாறுகிறதோ அங்கே சீர் தவறியிருக்கிறது.

பேதம் என்றால் வேற்றுமை காட்டுவது. உனக்கு ஒரே முகம், அதிலும் கறை, மாதத்தில் பாதி நாள் தேய்வு. இவனுக்கு ஆறு முகம், எதுவும் தேயாது. இதில் கேலி கொஞ்சம் இருக்கலாம், வசை கூடாது. வரவேண்டியவரை அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

தானத்தில் ஆதாயம் காட்ட வேண்டும். தக்கனின் சாபத்தால்தானே தேய்கிறாய்? உன்னைச் சடையில் வைத்திருப்பவர் இவன் அப்பா. இவனோடு விளையாடினால் உனக்காக ஒரு வார்த்தை சொல்வான்.

இதற்கும் வராவிட்டால் தண்டம். தக்கன் வேள்வியில் வீரபத்திரர் காலில் நீ தேய்பட்டதை மறந்தாயா, இவன் தம்பி வீரவாகு வாசலில் நிற்கிறான் என்று மிரட்டலாம். காப்பில் நான் தவறாக வைத்த சூரனுக்கும் வேலுக்கும் இங்கேதான் இடம். ஆனால் இதை முதல் பாட்டிலேயே செலவழித்துவிட்டால் மீதி ஒன்பதில் நிலாவிடம் சொல்ல எதுவும் இருக்காது. முதல் நாலைந்து பாட்டு சாமமாகவே போகட்டும்.