இறுகிப்போன பழைய கைத்தையல் மிஷினை, பெயிண்ட் கெடாமல் மீண்டும் ஓட வைப்பது

பல வருஷம் மூலையில் கிடந்த கைத்தையல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தால் அசையாது. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பலர் பலத்தைக் காட்டத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கே பிடித்து வைத்திருப்பது துரு அல்ல, பழைய எண்ணெய். வருஷக்கணக்கில் காய்ந்த எண்ணெய் பழுப்பு நிறத்தில் பிசினாக இறுகி, ஊசித்தண்டையும் அச்சுகளையும் கவ்விக்கொள்கிறது. துரு பெரும்பாலும் வெளியே தெரியும் தகடுகளிலும் சக்கர விளிம்பிலும் மேலோட்டமாகத்தான் இருக்கும். ஆகவே இங்கே இரண்டு வேலைகள்: உள்ளே பிசினைக் கரைக்க வேண்டும், வெளியே பெயிண்டைக் காக்க வேண்டும். ஒன்றுக்கு உதவும் திரவம் மற்றதற்கு ஆகாது.

முதலில் பெயிண்டைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய மிஷின்களில் வார்ப்பிரும்பின் மேல் கறுப்புப் பூச்சு, அதன் மேல் தங்க நிறப் பூவேலை, அதற்கும் மேல் மெல்லிய வார்னிஷ் இருக்கும். பல மிஷின்களில் அந்த வார்னிஷ் அரக்கால் ஆனது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அதனால் ஸ்பிரிட், சானிடைசர், தின்னர், அசிட்டோன் எதுவும் பெயிண்ட் பக்கம் வரக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் சாதுவாகத் தோன்றும். ஆனால் வெடிப்புகளில் இறங்கிப் பூச்சை வெளுக்க வைக்கும். மேல் வார்னிஷ் போய்விட்டால் தங்கப் பூவேலை வெறும் துணிக்கே கையோடு வந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

பெயிண்டுக்குப் பாதுகாப்பானது தையல் மிஷின் எண்ணெய்தான். உலர்ந்த மென்மையான பிரஷால் தூசியை முதலில் தட்டி எடுங்கள். தூசியோடு எண்ணெய் சேர்ந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு வந்தால் அழுக்கு, கவலையில்லை. கறுப்போ தங்கத் துகளோ வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். சரியாக இருந்தால் மிஷின் முழுக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து ஓர் இரவு விடுங்கள். பின்னால் மண்ணெண்ணெய் சிந்தினால் இது ஓரளவு தடுப்பாக இருக்கும்.

எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள், மற்ற வேலையெல்லாம் இதைப் பொறுத்தது. ஊசியைக் கழற்றுங்கள், அழுத்துபாதத்தைத் தூக்கி வையுங்கள், ஷட்டிலையோ பாபின் கேஸையோ வெளியே எடுங்கள். கைப்பிடியின் நாக்கு சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்திருக்கும், அதையும் விலக்கிவிடுங்கள்.

இப்போது பெரிய சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதன் நடுவில் இருக்கும் திருகுமூடியை உங்கள் பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள். சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றால், பிடிப்பு உள்ளே இருக்கிறது. அப்போதும் சுழலாவிட்டால் சக்கரத்தின் பின்னால் நூல் சுற்றிக் கிடக்கிறதா என்று பாருங்கள், அது மிகச் சாதாரணமாக நடப்பது.

நான் சரிசெய்த ஒரு மிஷினில் மூடியைத் தளர்த்தியதும் சக்கரம் லேசாகச் சுழன்றது. மீண்டும் இறுக்கிச் சுற்றினால் ஒரு விரல் அகலம் நகர்ந்து, சேற்றில் கால் புதைந்தது போல மெத்தென்று நின்றது. இந்த உணர்வைக் கவனியுங்கள். மெத்தென்று நின்றால் பிசின். ‘டக்’ என்று இரும்பில் இரும்பு மோதி நின்றால் உடைந்த ஊசிமுனையோ இறுகிய நூலோ உள்ளே இருக்கிறது. எந்த எண்ணெயும் உதவாது, தேடி எடுக்கத்தான் வேண்டும்.

இடப்பக்கத்து முகத்தகட்டைக் கழற்றினேன். ஊசித்தண்டின் கீழ்ப்பகுதி தேன் நிறத்தில் பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வந்தது. அங்கேதான் பிடிப்பு.

பிசினைக் கரைப்பது

மிஷினுக்கு அடியில் பழைய துணி விரித்து, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். ஊசித்தண்டு மேலே நுழையும் இடம், கீழே வெளிவரும் இடம், மிஷினைச் சாய்த்தால் தெரியும் அடிப்பக்க மூட்டுகள் எதையும் விடாதீர்கள். சொட்டுக்குழல் இருந்தால் பெயிண்டில் படாமல் விடலாம். பட்டால் உடனே ஒற்றியெடுத்து எண்ணெய் தடவுங்கள். காற்றோட்டமான இடத்தில், தீ எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். மண்ணெண்ணெய் இருக்கும்போது ஹேர் டிரையர் போன்ற சூடும் கூடாது.

ஓர் இரவு ஊறட்டும். காலையில் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முழுச் சுற்று வேண்டாம், எவ்வளவு போகிறதோ அவ்வளவு மட்டும். குறடு போட்டுத் திருப்பினால் நெம்புகோல் வளையும் அல்லது பல்சக்கரம் உடையும். என் மிஷினில் முதல் காலையில் விரல் அகலம் இரண்டு விரல் அகலமானது. மறுபடி சொட்டுவிட்டு வைத்ததில் இரண்டாம் நாள் மாலை ஊசித்தண்டு கீழே இறங்கியது. தண்டோடு கறுத்த குழம்பும் வந்தது. அதைத் துடைத்துவிட்டு, வடிவது நிறமில்லாமல் வரும்வரை சொட்டு விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மண்ணெண்ணெய் கரைக்கும், ஆனால் வழுக்கல் தராது. அது நன்றாக ஆவியாகிப் போனபின் எல்லா இடத்திலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டே ஆக வேண்டும். சமையல் எண்ணெய் கூடாது. அதுவும் காய்ந்து இதே பிசினாகத்தான் மாறும்.

அசையாத திருகும் துருவும்

திருகின் பள்ளத்தில் ஆடாமல் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் மட்டுமே பயன்படுத்துங்கள். பிடிவாதமான திருகு என்றால், சுற்றியுள்ள மண்ணெண்ணெயை முழுதும் துடைத்துக் காயவிட்டபின், சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் மட்டும் ஒரு நிமிடம் வையுங்கள். சூடு திருகில் இறங்கும், பெயிண்டுக்குப் பரவுவதற்குள் எடுத்துவிடலாம். ஆறியதும் திருப்பிப் பாருங்கள்.

துருப்பிடித்த தகடுகளைக் கழற்றித் தனியே எடுத்துப்போய்ச் சுத்தம் செய்வது நல்லது. பூச்சில்லாத இரும்புக்கு மிக நுண்ணிய, நான்கு பூஜ்ய அளவு ஸ்டீல் வுல் எண்ணெயோடு போதும். பளபளப்பான நிக்கல் பூச்சு உள்ள சக்கர விளிம்புக்கு அலுமினியத் தாளைச் சுருட்டி எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். வினிகரில் ஊறவைப்பது வேண்டாம். நிக்கல் உரிந்தால் இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும்.

கடைசியாக வெளிப்பக்கம்

பூவேலை இருக்கும் இடத்தில் தேய்க்காமல் எண்ணெய்ப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரே நாளில் அழுக்கு முழுதும் போகாது, இரண்டு மூன்று முறை செய்தால் கறுப்பு தெரியத் தொடங்கும். கார் பாலிஷ் வேண்டாம், பலவற்றில் தேய்க்கும் துகள் இருக்கும்.

நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி, வழியும் எண்ணெயைத் துடையுங்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கப்புறம் நூல் கோத்துக் கழிவுத்துணியில் தைத்துப் பாருங்கள், தையல் கோட்டின் ஓரத்தில் எண்ணெய்க்கறை விழாமல் வரும்வரை.