அணசின் வாயில் மைக் வேண்டாம்: வீதியுலா மேளத்துக்கு மைக் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவாமி புறப்பாடு. கோயில் வாசலில் மல்லாரி ஆரம்பித்து முதல் இரண்டு நிமிடம் நன்றாகத்தான் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் காதைக் கிழிக்கிறது. யாரோ ஓடிவந்து "ட்ரெபிளைக் குறைப்பா" என்கிறார். குறைத்தால் நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல மங்குகிறது, கிழிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த திருப்பத்தில் மைக் ஊளையிடுகிறது. இருபது வருடமாக மைக் செட் வேலையில் இருக்கிறேன். இந்தக் காட்சியை நானே பலமுறை உண்டாக்கியும் இருக்கிறேன். கிழிசலுக்கும் ஊளைக்கும் காரணம் பெரும்பாலும் மிக்ஸரில் இருக்காது. மைக் எங்கே இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கும்.

அணசுக்குள் பார்க்கும் மைக்

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றை எடுத்து, நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசின் விளிம்பில் டேப் சுற்றி, அதன் வாயை உள்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்ற எண்ணம். பாதிதான் உண்மை. நாதஸ்வரத்தில் விரல் துளைகள் திறந்திருக்கும்போது ஒலியில் பெரும்பங்கு அந்தத் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. துளைகளை ஒவ்வொன்றாக மூடிக் கீழே இறங்க இறங்கத்தான் அணசு வழியாக வருவது கூடுகிறது. அதனால் அணசின் வாயில் இருக்கும் மைக்குக்குக் கீழ் ஸ்வரங்கள் இடிபோல் விழும். மேல் ஸ்வரங்களில் அடித்தொனி மெலிந்து கூர்மை மட்டும் வந்து சேரும். ஒரே பிடியை வாசிக்கும்போது ஸ்வரத்துக்கு ஸ்வரம் அளவு மாறினால் காரணம் இதுவே. அதை எந்த ஈக்வலைஸரும் சரிசெய்யாது.

சந்தேகமிருந்தால், வாசிப்பவர் முன் நின்று உங்கள் காதையே மைக்காக வைத்துப் பாருங்கள். அணசுக்கு நேராக ஒருமுறை, பக்கவாட்டில் விலகி விரல்களுக்கு எதிரே ஒருமுறை. இரண்டாவது இடத்தில் ஸ்வரங்கள் ஒரே சீராகக் கேட்கும். மைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நடந்துகொண்டே வாசிப்பவருக்கு ஸ்டாண்டு ஒத்துவராது. வளையும் கழுத்துள்ள கிளிப் மைக்தான் வழி. ஒருபக்கம் மட்டும் வாங்கும் கார்டியாய்ட் வகையாக இருக்கட்டும். நாலாபக்கமும் வாங்கும் காலர் மைக் வீதியில் ஊளைக்கு அழைப்பு. கிளிப்பை அணசின் விளிம்பில், ஒரு துணித் துண்டு வைத்துக் கவ்வவிடுங்கள். கழுத்தை வாசிப்பவர் பக்கமாகத் திரும்ப வளைத்து, கீழ்க்கை விரல்களுக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் மைக் நிற்கும்படி செய்யுங்கள். மைக்கின் முகம் துளைகளைப் பார்க்க வேண்டும்; அணசை அல்ல.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். விரல் துளைகளுக்குக் கீழே, அணசுக்குச் சற்று மேலே, விரல் படாத சில துளைகள் இருக்கும். பிரம்மசுரம் என்பார்கள். மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்ளும் இடம் அது. மைக் ஒயரைக் கட்டுகிறேன் என்று அதன்மேல் டேப் ஒட்டினால் வாத்தியத்தின் சுருதியே மாறிவிடும். வித்வான் ஏன் முகம் சுளிக்கிறார் என்று தெரியாமல் நாம் மிக்ஸரைத் திருகிக்கொண்டிருப்போம். இன்னொன்று, வாத்தியத்தின் மேல்பக்கம் நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளும் குச்சியும். நடக்கும்போது அவை மைக்கிலோ ஒயரிலோ தட்டினால் ஒவ்வொரு அடிக்கும் 'டொக்' என்று கேட்கும். அவரிடமே கேட்டு, அந்தக் கொத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நாமாகத் தொடக்கூடாது.

கிழிசல் இடுப்பிலேயே பிறக்கிறது

மைக் இடம் சரியாக இருந்தும் சத்தம் கிழிந்தால், பார்க்க வேண்டியது வாசிப்பவர் இடுப்பில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை. அதன் GAIN பெரும்பாலும் பேச்சுக்கு ஏற்றபடி கூட்டி வைக்கப்பட்டிருக்கும். நாதஸ்வரம் பேச்சைவிடப் பலமடங்கு பலமானது. டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால், அப்புறம் மிக்ஸரில் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கிழிந்த சத்தமே சின்னதாகக் கேட்கும். அடையாளம் காண்பது சுலபம். ஃபேடரை இறக்கியும் கரகரப்பு குறையவில்லை என்றால் கோளாறு ஃபேடருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

வித்வானை மேல் ஸ்தாயியில் முழுமூச்சில் ஒரு கார்வை கொடுக்கச் சொல்லுங்கள். ரிசீவரில் AF அல்லது PEAK விளக்கு சிவப்பாக மின்னுவது நிற்கும் வரை டிரான்ஸ்மிட்டரின் GAIN-ஐக் குறையுங்கள். PAD இருந்தால் போடுங்கள். அதன்பிறகுதான் மிக்ஸரில் தேவையான அளவுக்கு ஏற்ற வேண்டும். சோதனையின்போது யாரும் முழுமூச்சில் வாசிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வீதியில், கூட்டத்தின் நடுவே, வாசிப்பு தானாக ஏறும். 10 டெசிபல் இடம் விட்டு வைப்பது என் வழக்கம்.

இதெல்லாம் முடிந்த பிறகே ஈக்வலைஸர். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அங்கே காற்றும் காலடியும்தான். 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் போலக் குறைத்தால் குழாய் ஸ்பீக்கரின் கூர்மை அடங்கும். அதற்கு மேல் குறைத்தால் நாயனத்தின் நாதம் போய்விடும். தானாக ஊளையைக் கண்டுபிடித்து வெட்டும் கருவியை மட்டும் நாதஸ்வர சானலில் போடாதீர்கள். அசையாமல் நிற்கும் நீண்ட கார்வையை ஊளை என்று எண்ணி அந்த ஸ்வரத்தையே அது வெட்டும்.

தவிலுக்கு எத்தனை மைக்?

பெரும்பாலும் தேவைக்கு மேல் வைக்கிறோம். இரண்டு தவில், இரண்டு பக்கமும் என்றால் நான்கு மைக். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஊளை வராமல் ஏற்றக்கூடிய அளவில் சுமார் 3 டெசிபல் போய்விடுகிறது. அருகில் நிற்பவர்களுக்குத் தவில் மைக் இல்லாமலே கேட்கும். நாதஸ்வர மைக்கிலும் பக்கத்துத் தவில் தாராளமாக ஏறும். ஆகவே முதலில் நாதஸ்வரத்தை மட்டும் ஏற்றி, வண்டிக்கு முன்னால் 30 அடி நடந்துபோய்க் கேளுங்கள். தவிலில் எது குறைகிறதோ அதை மட்டும் சேர்த்தால் போதும்.

குறைவது வழக்கமாக, குச்சியால் வாசிக்கும் பக்கமான தொப்பியின் கும்காரம். வலந்தலையில் விரல் கூடு விழும் சொற்கள் கூர்மையாக எப்படியும் வந்து சேர்ந்துவிடும். அதனால் ஒரு தவிலுக்கு ஒரு மைக், தொப்பிப் பக்கத்துக்குச் சாய்ந்தபடி, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளையத்தைக் கவ்விய கிளிப்பில். குச்சி போய்வரும் பாதையில் மைக் வரக்கூடாது. அவரைக் குச்சியை ஓங்கச் சொல்லி, எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வலந்தலைக்கும் மைக் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அதன் அடி மின்னல்போல வந்து மறையும். மிக்ஸரின் மீட்டர் எழுந்து நிற்பதற்குள் சொல் முடிந்திருக்கும். மீட்டர் பச்சையில் இருக்கிறதே என்று நம்பாமல், சானலின் PEAK விளக்கைப் பாருங்கள். மெதுவான தட்டுகளை வைத்து அளவு வைக்காமல், ஒரு தீர்மானத்தை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி வையுங்கள்.

குழாய் ஸ்பீக்கரில் தொப்பியின் ஆழம் வராது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் முடியாது. பேஸைத் திருகி ஏற்றினால் கும்காரம் வராது, யூனிட்தான் போகும். ஆழம் வேண்டுமானால் ஸ்பீக்கர் பாக்ஸ் வேண்டும்.

வண்டி எங்கே போகவேண்டும்

போன வருடம் ஒரு கிராமத்துத் திருவிழா. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. குட்டி யானையில் ஜெனரேட்டரும் முன்னோக்கிய இரண்டு பாக்ஸும். வண்டியை மேளத்துக்குப் பின்னால் விட்டிருந்தோம். புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஊளை. காரணத்தை அன்று நின்று யோசித்தபோதுதான் புரிந்தது. கிளிப் மைக்கின் முகம் வாத்தியத்தைப் பார்க்கிறது என்றால், வாசிப்பவரையும் அவருக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. பின்னால் இருந்தது எங்கள் பாக்ஸ்.

வண்டியை மேளத்துக்கு முன்னால், 15 மீட்டர் தள்ளி, பாக்ஸ் முன்னோக்கியே இருக்கும்படி மாற்றினோம். இப்போது மைக்கின் முதுகு வண்டியைப் பார்த்தது, பாக்ஸின் முதுகு மேளத்தைப் பார்த்தது. எதையும் திருகாமலே ஊளை நின்றது. அதன்பிறகு நாதஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றவும் முடிந்தது.

நடுவில் ஆட்கள் நடப்பதால் ரிசீவரின் ஆன்டெனாவை வண்டியின் மேல், தலைகளுக்கு மேலே வைத்தோம். இன்னும் தள்ளிப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருந்தால் வாசித்த அடி தவில்காரர் காதுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத் திரும்பும். வேகக் காலத்தில் அவருக்கு அது பெரிய தொல்லை.

அன்று மூன்று இடங்களில் கையை ஃபேடரிலிருந்து எடுக்கவே இல்லை. முதலாவது, வீதியின் முடிவு. எதிரே வீட்டுச் சுவர், வண்டி நேராக அதை நோக்கிப் போகிறது, பாக்ஸின் சத்தம் சுவரில் பட்டு அப்படியே மேளத்துக்குத் திரும்புகிறது. சுவர் நெருங்குவதற்கு முன்பே 6 டெசிபல் இறக்கி, வண்டி வலப்பக்கம் திரும்பிய பிறகு மெதுவாக ஏற்றினேன்.

இரண்டாவது, மண்டகப்படி. சுவாமி நின்றதும் வித்வான்கள் சுவாமியைப் பார்த்துத் திரும்பி நின்று வாசிப்பார்கள். அப்போது அவர்கள் முதுகு வண்டிப்பக்கம் வரும், மைக்கின் முகமும் வண்டியைப் பார்க்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஊளைக்கு மட்டும் ஜெனரேட்டரைத் திட்டுவார்கள். அங்கேயும் இறக்கினேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாதஸ்வர மைக் இரண்டையும் மூடிவிட்டேன். அதனாலேயே தவிலுக்கு இடம் கிடைத்தது.

மூன்றாவது, திரும்பிவந்து கோபுர வாசலுக்குள் நுழையும் நேரம். இருபக்கமும் கல், மேலேயும் கல். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, மேளம் வாசலை நெருங்கும்போது எல்லா ஃபேடரையும் ஒரே சீராக இறக்கி முழுதாக மூடினேன். கல் மண்டபத்துக்குள் நாயனத்துக்கும் தவிலுக்கும் நம் பாக்ஸ் எதற்கு? மைக் மூடியது வெளியே நின்றவர்களுக்குத் தெரியவே இல்லை. டிரான்ஸ்மிட்டர்களை இடுப்பிலிருந்து கழற்றும்போது வியர்வையில் பை நனைந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கட்டுகிறோம்.